நிலாவைப் பார்த்து மழை சொல்ல முடியுமா?

அமாவாசையை ஒட்டி வானிலை மாறும் என்பார்கள். பௌர்ணமி கழிந்த சில நாளில் கனமழை வரும் என்பார்கள். பிறை சாய்ந்து கிடந்தால் மழை, கிண்ணம்போல் நிமிர்ந்திருந்தால் வறட்சி என்பது இன்னொரு கணக்கு. சில ஊர்களில் இந்தக் கடைசிக் கணக்கு அப்படியே தலைகீழாக இருக்கும். இப்படிப்பட்ட நம்பிக்கைகள் உலகம் முழுக்க இருக்கின்றன, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கின்றன.

இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. நிலா கடலையே தூக்கி இறக்குகிறது, காற்றை மட்டும் விட்டுவிடுமா என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். விட்டுவிடுவதில்லை என்பதுதான் பதிலும். ஆனால் அந்த இழுப்பு மழைக்கு என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்று பார்க்கும்போதுதான் நம்பிக்கையும் பதிவேடும் பிரிகின்றன.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உலகில் பதிவான மிகப் பெரிய மழைகள் நிலாவின் எந்த நாளில் பெய்தன?

இதற்கு நிலாவின் வயது தெரிய வேண்டும். அமாவாசை அன்று வயது பூஜ்யம், பௌர்ணமி அன்று ஏறக்குறைய 14.8 நாள், அடுத்த அமாவாசைக்கு 29.53 நாள். 2000 ஜனவரி 6 மாலை (உலகப் பொது நேரப்படி) ஓர் அமாவாசை வந்தது. அங்கிருந்து எண்ணினால் எந்தத் தேதிக்கும் வயதைக் கண்டுபிடிக்கலாம். விரிதாளில் A2 கட்டத்தில் தேதி இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=MOD(A2-DATE(2000,1,6)-0.76, 29.530588)
```

நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை என்பதால் விடை அரை நாள் அளவுக்கு முன்பின் ஆகலாம். நம் வேலைக்கு அது பரவாயில்லை.

24 மணி நேர மழையில் உலகச் சாதனை, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்துக்குச் சொந்தம். 1966 ஜனவரி 7, 8 தேதிகளில் 1,825 மில்லிமீட்டர். அந்த ஜனவரி 7-க்கு மேலே உள்ள சூத்திரம் தரும் வயது 14.6. அப்படியே பௌர்ணமி!

இரண்டு நாள் மழையில் சாதனை சிரபுஞ்சிக்கு. 1995 ஜூன் 15, 16 தேதிகளில் 2,493 மில்லிமீட்டர். அந்த மாதப் பௌர்ணமி ஜூன் 13, ஆக இது பௌர்ணமி கழிந்த இரண்டாம் மூன்றாம் நாள். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஹோல்ட் என்ற ஊரில் 1947 ஜூன் 22 அன்று 42 நிமிடத்தில் 305 மில்லிமீட்டர் கொட்டியது. அது அமாவாசை கழிந்து மூன்று நாள். மும்பையின் சாண்டாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்த 2005 ஜூலை 26, பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாள். மூன்று நாள் சாதனை மறுபடியும் ரியூனியனுக்கு. கிராட்டேர் கொமெர்சன் என்ற எரிமலைப் பள்ளத்தருகே 2007 பிப்ரவரி 24 முதல் 26 வரை 3,930 மில்லிமீட்டர். இது மட்டும் ஒத்துவரவில்லை, அன்று வளர்பிறையில் பாதி நிலா.

ஐந்தில் நான்கு! அமாவாசை அல்லது பௌர்ணமி அன்றோ, அதற்கு அடுத்த ஐந்து நாளுக்குள்ளோ. இந்தப் பட்டியலை யாராவது நீட்டினால் நம்பாதவரும் ஒரு நிமிடம் யோசிப்பார்.

இப்போது இதன் ஓட்டையைப் பார்ப்போம். "அன்றும் அடுத்த ஐந்து நாளும்" என்றால் அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், மொத்தம் பன்னிரண்டு. மாதமே 29.5 நாள்தான். எனவே நிலாவுக்கும் மழைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டால்கூட, எந்த மழையும் இந்தப் பன்னிரண்டு நாளுக்குள் விழ நூற்றுக்கு 41 வாய்ப்பு உண்டு. ஐந்து மழையில் நான்கோ ஐந்துமோ இப்படித் தற்செயலாக விழுவதற்கான வாய்ப்பு சுமார் 9 சதவீதம். குறைவுதான், ஆனால் அதிசயம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. இந்த ஐந்தையும் பொறுக்கியவன் நான். ஒரு நிமிட மழையின் உலகச் சாதனையை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்: 1956 ஜூலை 4, மேரிலாந்தின் யூனியன்வில், ஒரே நிமிடத்தில் 31 மில்லிமீட்டர். அது அமாவாசைக்கு நான்கு நாள் முந்தி வருகிறது, நம் பன்னிரண்டு நாள் சன்னலுக்கு வெளியே. அதையும் சேர்த்தால் ஆறில் நான்கு. தற்செயல் வாய்ப்பு 9-லிருந்து 19 சதவீதமாகிவிடுகிறது. ஒரே ஒரு மழையைச் சேர்த்ததற்கே இந்த மாற்றம்.

இதைவிடப் பெரிய கோளாறு, "ஐந்து நாள்" என்ற எல்லையை மழைத் தேதிகளைப் பார்த்த பிறகு வைத்தது. மும்பை மழை ஆறாம் நாள் வந்திருந்தால் எல்லையும் ஆறு நாளாகியிருக்கும். யூனியன்வில்லைச் சேர்க்க வேண்டுமானால் "முந்தைய நான்கு நாளும்" என்று கூட்டிக்கொள்ளலாம். அப்படிக் கூட்டிக்கொண்டே போனால் மாதத்தில் மிஞ்சும் நாள் சொற்பம்தான். மனிதர்கள் நினைவிலிருந்து நிலாவையும் மழையையும் பொருத்தும்போது நடப்பது இதுதான். எல்லை எழுதி வைக்கப்படுவதில்லை, மழைக்குத் தகுந்தபடி நெகிழ்ந்துகொள்கிறது.

சரி, ஐந்தாறு மழையை விடுவோம். ஆயிரக்கணக்கான பதிவுகளை எடுத்தால்?

1962-இல் அதைத்தான் செய்தார்கள். டொனால்ட் பிராட்லி, மேக்ஸ் வுட்பரி, க்ளென் பிரையர் என்ற மூன்று அமெரிக்கர்கள், 1900 முதல் 1949 வரையிலான ஐம்பது ஆண்டுகளுக்கு 1,544 நிலையங்களின் கனமழைத் தேதிகளைத் திரட்டி நிலாவின் வயதோடு அடுக்கிப் பார்த்தார்கள். 'சயின்ஸ்' இதழில் வெளியான அவர்கள் முடிவு பலரைத் திகைக்க வைத்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அடுத்த வாரங்களில் கனமழை அதிகம், குறிப்பாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. அதே இதழில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஆடர்லி, போவன் என்ற இருவர், நியூசிலாந்தின் 50 நிலையங்களை வைத்து ஏறக்குறைய அதே வடிவத்தைக் காட்டினார்கள். வானிலையாளர்கள் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியதால் இதை முன்பே வெளியிடவில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். இந்தப் போவன் சாதாரண ஆள் இல்லை, போர்க்கால ரேடார் ஆய்வில் பெயர் பெற்றவர்.

பாட்டி சொன்னதை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அந்தப் பேச்சின் வேர் இந்த இரண்டு கட்டுரைகளுக்குத்தான் போகும். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1,544 நிலையங்கள் என்றால் 1,544 தனித்தனிச் சாட்சிகள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. ஒரு பெரிய புயற்சின்னம் நாட்டைக் கடந்தால் நூற்றுக்கணக்கான நிலையங்களில் ஒரே நாளில், அல்லது அடுத்தடுத்த நாளில், கனமழை பதிவாகும். ஏட்டில் நூற்றுக்கணக்கான பதிவு, வானத்தில் ஒரே நிகழ்ச்சி. இதைக் கணக்கில் எடுக்காமல் பதிவுகளை மட்டும் எண்ணினால், சில பெரிய புயல்கள் தற்செயலாக ஒரே நிலா நாளை ஒட்டி வந்தாலே அங்கே ஒரு மேடு எழும்பி நிற்கும். ஐம்பது ஆண்டு என்பதும் கேட்கும் அளவுக்கு நீளம் இல்லை. அதில் இருப்பவை சுமார் 618 நிலா மாதங்கள் மட்டுமே. மழைக்காலம் என்று ஒன்று இருக்கும் இடத்தில் அதிலும் ஒரு பகுதிதான் கனமழைக்குப் பயன்படும்.

அந்த ஆய்வாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. காலத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பாதியிலும் அதே வடிவம் வருகிறதா என்று சரிபார்த்தார்கள். பிரையரும் பிராட்லியும் 1964-இல் மறுபடியும் எழுதினார்கள், அப்போதும் சுமார் 14.8 நாள் சுழற்சி ஒன்று தென்படுவதாகவே சொன்னார்கள். பின்னால் வந்த ஆய்வுகளிலும் அங்கங்கே இப்படி ஏதாவது தலைகாட்டியது. ஆனால் இடம் மாறினால், பருவம் மாறினால் மேடு வேறு நாளுக்கு நகர்ந்தது, சில சமயம் மறைந்தே போனது. கடல் ஓதத்தை ஆண்டுகளுக்கு முன்பே அட்டவணை போட்டு அச்சிட முடிகிறது. அப்படிப்பட்ட ஒழுங்கு மழையில் தென்படவில்லை. என் கணிப்பில், 1962-ன் முடிவை மோசடி என்றோ முட்டாள்தனம் என்றோ சொல்ல முடியாது. நிரூபணம் என்றும் சொல்ல முடியாது.

இனி மறுபக்கத்திலிருந்து வருவோம். மழையை விட்டுவிட்டு, நிலா காற்றை இழுப்பதை நேரடியாக அளக்க முடியுமா?

முடியும், ஆனால் அதற்கே நிறையப் பாடுபட்டார்கள். பெரிய கணிதமேதை லாப்ளாஸ், பாரிசில் பல ஆண்டு எடுத்த காற்றழுத்தமானிப் பதிவுகளில் நிலாவின் தடத்தைத் தேடினார். கையில் இருக்கும் பதிவு இதற்குப் போதாது என்று கடைசியில் அவரே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். தற்செயலை அளந்து பார்த்து "இது போதாது" என்று சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. 1847-இல் எட்வர்ட் சபின், அட்லாண்டிக்கின் வெப்பமண்டலத் தீவான செயின்ட் ஹெலெனாவின் பதிவுகளில் அதைப் பிடித்தார். வெப்பமண்டலத்தில் இது எளிது. அங்கே நிலாவின் அலையும் பெரிது, வானிலையால் அழுத்தம் ஏறி இறங்குவதும் குறைவு.

அளவு என்ன? நிலநடுக்கோட்டருகே சுமார் 0.08 ஹெக்டோபாஸ்கல். தரைமட்டக் காற்றழுத்தம் ஆயிரத்துச் சொச்சம் ஹெக்டோபாஸ்கல். தரையிலிருந்து ஒரு மீட்டர் ஏறினாலே அழுத்தம் சுமார் 0.12 குறையும், அதைவிடவும் இது சின்னது. சூரிய வெப்பத்தால் தினமும் இரண்டு முறை எழும் காற்றலை இதைப் போலப் பதினைந்து மடங்கு.

அந்தச் சின்ன அலை மழையைத் தொடுகிறதா என்பதற்கு 2016-இல்தான் தெளிவான விடை கிடைத்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுபாசா கோயாமாவும் ஜான் வாலஸும், வெப்பமண்டல மழையை அளந்த டிஆர்எம்எம் செயற்கைக்கோளின் 15 ஆண்டுத் தரவை எடுத்து, நிலநடுக்கோட்டின் இருபுறமும் பத்து பாகை வரையிலான பட்டையில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மழையைப் பார்த்தார்கள். நிலா தலைக்கு மேல் இருக்கும்போதும், பூமிக்கு நேர் அடியில் இருக்கும்போதும், காற்று அங்கே கொஞ்சம் குவிந்து அழுத்தம் கூடுகிறது. அழுந்திய காற்று துளியளவு சூடாகிறது. சூடான காற்றில் ஈரப்பதம் நிறைவதற்கு இன்னும் இடம் இருக்கும், அதனால் ஒப்பு ஈரப்பதம் இறங்கி மழை கொஞ்சம் குறைகிறது. ஆறு மணி நேரம் தள்ளி, நிலா அடிவானத்தில் இருக்கும்போது, இதற்கு நேர் எதிர். வித்தியாசம் மழையின் மொத்த ஏற்ற இறக்கத்தில் சுமார் ஒரு சதவீதம்.

ஆக நிலா மழையைத் தொடுகிறது. ஆனால் கவனியுங்கள், இங்கே மழையை மாற்றுவது நிலாவின் வடிவம் இல்லை, வானத்தில் அது இருக்கும் இடம். பௌர்ணமியோ மூன்றாம் பிறையோ, எந்த நாளானாலும் நிலா ஒருமுறை உச்சிக்கு வரும், ஒருமுறை அடியில் போகும். அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு 12 மணி 25 நிமிடத்துக்கும் ஒருமுறை நடந்து முடிந்துவிடும். ஒரு நாள் முழுவதுமான மழையைக் கூட்டினால் ஏறியதும் இறங்கியதும் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துவிடும்.

வடிவத்துக்கு இதில் ஒரு குறுகிய சந்து மட்டும் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலா நண்பகலிலும் நள்ளிரவிலும் உச்சியிலோ அடியிலோ இருக்கும். பாதி நிலா நாளில் அது காலை ஆறு, மாலை ஆறு என்று நகர்ந்துவிடும். ஓர் இடத்தில் மழை எப்போதும் மாலையில்தான் கட்டுகிறது என்றால், அந்த ஒரு சதவீதத் தள்ளுமுள்ளு சில நிலா நாட்களில் மழை நேரத்தில் விழும், சில நாட்களில் விழாது. இதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு நுண்ணிய அலை எழ இடமிருக்கிறது. நூற்றில் ஒன்றுக்குள் அடங்கும் அந்த அலையை நம்பி யாரும் குடை எடுக்கவோ விதைக்கவோ முடியாது.

இவ்வளவு சின்னது என்றால் நம்பிக்கை மட்டும் இத்தனை காலம் எப்படி நின்றது? பொருத்தம் தேடும் மனத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அதோடு சில உண்மைகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல்மட்டம் உயரும்போது கழிமுகங்களும் வடிகால்களும் தண்ணீரை வெளியே தள்ள முடியாது. அதே மழை வேறு நாளில் வடிந்துவிடும், அன்று தேங்கி வீட்டுக்குள் வரும். வெள்ளம்தான் நினைவில் நிற்கும், மழையின் அளவு நிற்காது. கடலோர மக்கள் வெள்ளத்தையும் நிலாவையும் சேர்த்துச் சொன்னதில் தப்பே இல்லை.

பிறையின் சாய்வு வேறு கதை. அது எவ்வளவு சாயும் என்பது, பார்க்கும் இடத்தின் அட்சரேகையையும் ஆண்டின் எந்த மாதம் என்பதையும் பெரும்பாலும் பொறுத்தது. ஏறக்குறைய அதே சாய்வு ஆண்டுதோறும் அதே மாதத்தில் திரும்பி வரும். மழைக்காலமும் அப்படித்தான் வரும். இரண்டும் ஒன்றாக வந்தால் பிறை மழையை அறிவித்த மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டும் நாட்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. வேறு அட்சரேகைக்குப் போனால் அர்த்தம் தலைகீழாவதற்கும் இதுவே காரணம்.

நிலாவைச் சுற்றிய வட்டம் மட்டும் ஓரளவுக்கு மெய்யான குறி. "அகல் வட்டம் பகல் மழை" என்று சும்மா சொல்லவில்லை. உயரத்தில் பனித்துகள்களால் ஆன மெல்லிய மேகம் பரவும்போது, அத்துகள்கள் ஒளியை வளைத்து 22 பாகையில் ஒரு வளையம் காட்டும். மழை கொண்டுவரும் மேகக் கூட்டத்தின் முன்னணி பல சமயம் இந்த மெல்லிய மேகம்தான். மழை வராமல் போகவும் செய்யும், ஆனாலும் இது மேகத்தைப் பற்றிய செய்தி. நிலா அங்கே விளக்கு மட்டுமே. பகலில் சூரியனைச் சுற்றியும் அதே வட்டம் விழும்.

உங்களிடம் ஒரு மழைப் பதிவேடு இருந்தால் நீங்களே சோதிக்கலாம். எத்தனை நாள் சன்னல், எத்தனை மில்லிமீட்டருக்கு மேல் கனமழை என்று பதிவைத் திறக்கும் முன்னே எழுதி வையுங்கள். அடுத்தடுத்த நாளில் பெய்ததை ஒரே மழையாக எண்ணுங்கள். சன்னலுக்குள் எத்தனை விழுந்தன என்று குறித்துக்கொண்டு, பிறகு நிலாவின் வயதில் ஒரு நாளைக் கூட்டி, அதாவது ஒரு பொய் நிலாவை வைத்து, மறுபடி எண்ணுங்கள். இரண்டு நாள், மூன்று நாள் என்று 29 வரை தள்ளுங்கள். மழை நாட்களின் கொத்து கலையாமல் நிலா மட்டும் நகர்வதால், இது வெறும் சதவீதக் கணக்கைவிட நம்பகமான ஒப்பீடு. மெய் நிலாவின் எண்ணிக்கை பொய் நிலாக்களின் கூட்டத்துக்குள் கரைந்துவிட்டால் உங்கள் பதிவில் ஒன்றும் இல்லை. தனித்து நின்றால், பதிவை இரண்டு பாதியாக வெட்டி இரண்டிலும் அதே நாளில் நிற்கிறதா பாருங்கள்.

எத்தனை ஆண்டுப் பதிவு வேண்டும்? ஓர் இடத்தில் நாள் மழை மிகவும் சிதறலானது. பல நாள் பூஜ்யம், திடீரென்று நூறு. சிதறலின் அளவு சராசரியைப் போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நாட்களை நிலாவின்படி இரண்டு பாதியாகப் பிரித்து, இரண்டுக்கும் இடையே பத்து சதவீத வித்தியாசத்தைத் தற்செயலிலிருந்து பிரித்துக் காண, சுமார் 14,400 நாள் வேண்டும், கிட்டத்தட்ட 40 ஆண்டு. மழை நாட்கள் கொத்தாக வருவதால் அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். நூறு ஆண்டு தாண்டிய நிலையங்கள் உலகில் நிறைய இருக்கின்றன, அவ்வளவு பெரிய விளைவு எல்லா இடத்திலும் இருந்திருந்தால் அது எப்போதோ சர்ச்சைக்கு இடமில்லாமல் தெரிந்திருக்கும். ஒரு சதவீத வித்தியாசத்துக்கோ அதே கணக்கு நூறு மடங்காகிவிடும். ஒற்றை மழைமானியை வைத்துக்கொண்டு சுமார் 4,000 ஆண்டு காத்திருக்க வேண்டும். கோயாமாவும் வாலஸும் அதைப் பதினைந்தே ஆண்டில் பிடித்ததற்குக் காரணம், அவர்களிடம் இருந்தது ஒரு மழைமானி இல்லை, வெப்பமண்டலப் பட்டை முழுவதும்.